ஆண்டு விழா நன்றியுரையில் பெயர் விடுபடாமல் இருக்க

பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரை எப்போதும் கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அதனால் மேடையில் எல்லாப் பெயரையும் வாசிக்க முயலாதீர்கள். நன்கொடையாளர்களையும் குழுக்களையும் மட்டும் சொல்லுங்கள்: பந்தல், ஒலிபெருக்கி, ஒப்பனை, உணவு, வாகன நிறுத்தம். முழுப் பட்டியல் மறுநாள் அறிவிப்புப் பலகையிலும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் வரட்டும்.

பட்டியலை நினைவிலிருந்து எழுதினால் மேடையருகே நின்றவர்கள்தான் வருவார்கள். பாத்திரம் கழுவியவர் விடுபடுவார். வேலை பிரித்துக் கொடுத்த தாளையும் ரசீதுப் புத்தகத்தையும் வைத்து எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு குழுப் பொறுப்பாளரிடமும் காட்டி, விட்டுப்போன பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இன்ஷியலையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.

வரிசைதான் வம்பு. அகர வரிசையில் போட்டு, அதையும் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் பேச்சு எழாது. தொகையைப் போடாதீர்கள், ‘500 நாற்காலி தந்தவர்’, ‘மதிய உணவு தந்தவர்’ என்று பொருளைச் சொன்னால் போதும். பெயர் வேண்டாம் என்பவருக்கு ‘நலம்விரும்பி ஒருவர்’. விளம்பரப் பலகை வைத்துத் தருவதாக ஸ்பான்சரிடம் ஒப்புக்கொண்டிருந்தால் அது தனிக் கணக்கு, நன்றிப் பட்டியலில் அவருக்கும் ஒரே வரிதான்.