நிலக்காட்சி ஓவியங்களை ஒப்பிடும்போது: ஒரே பிழைக்கு மூன்று முறை மதிப்பெண் குறைக்காதீர்கள்

வகுப்பில் வரைந்த நிலக்காட்சிகளைச் சுவரில் வரிசையாக ஒட்டி ஆழம், வண்ணக் கலவை, குவிமையம் என்று மூன்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுப்பது வழக்கம். இந்த மூன்றும் தனித்தனி விஷயங்கள் என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. டெல்டாவின் நிலக்காட்சியில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். இங்கே மலை இல்லை, மேடு பள்ளம் இல்லை. வயல், வரப்பு, வாய்க்கால், அதற்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பு, பிறகு வானம். அருகில் இருப்பதும் பச்சை, தூரத்தில் இருப்பதும் பச்சை. ஆகவே ஆழம் கிடைக்கிறதா இல்லையா என்பது அந்தப் பச்சையை எப்படிக் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே முடிவாகிறது. குவிமையமும் அதே கலவையைத்தான் நம்பியிருக்கிறது.

ஒரு உதாரணத்தை வைத்தே பேசலாம். கும்பகோணத்துக்கு அருகே அரசலாற்றங்கரை, சம்பா நடவு முடிந்த புரட்டாசிக் காலை. எதிரே ஒரு வாய்க்கால் நேராக உள்ளே போகிறது, நடுவில் ஒரு மதகு. இருபுறமும் தண்ணீர் நிற்கும் நடவு வயல். தூரத்தில் தென்னை வரிசை, அதற்கு மேல் ஒரு கோபுரத்தின் நுனி. வாட்டர் கலரில் வரைந்த மூன்று மாணவர்களின் படங்கள் நம் முன் இருக்கின்றன.

அவற்றைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: மூவரும் ஒரே பக்கம் பார்த்து, ஒரே நேரத்தில் வரைந்தார்களா? காலையில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் எதிரே வரும். தூரத்துத் தோப்பு வெளிறி, நீலச் சாம்பலாகக் கரைந்துவிடும். அதே நேரத்தில் மேற்குப் பார்த்தால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். தூரத்து மரங்களும் பச்சையாக, தெளிவாகத் தெரியும். மழை பெய்து காற்று கழுவிவிட்ட ஐப்பசி நாளில் தூரம் இன்னும் கூர்மையாக இருக்கும், மார்கழிப் பனியிலோ அரை ஃபர்லாங்கில் எல்லாம் மங்கிவிடும். பனிக்காலையில் கிழக்குப் பார்த்து வரைந்தவருக்கு ஆழம் பாதி இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. மேற்குப் பார்த்தவர் அதை உழைத்துக் கொண்டுவர வேண்டும். இதைக் கவனிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நாம் ஒப்பிடுவது மாணவர்களை அல்ல, வானிலையை. எனவே நேரத்தையும் திசையையும் தாளின் பின்பக்கம் எழுதச் சொல்லிவிடுங்கள். நம் மூன்று படங்களும் மேற்குப் பார்த்து, ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் வரைந்தவை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படம் எல்லோரையும் உடனே கவரும். கோடுகள் சுத்தம், தூரத்துத் தென்னையில் ஒவ்வொரு மட்டையும் தனித்தனியாகத் தெரிகிறது. "எவ்வளவு பொறுமையா போட்டிருக்கு பாருங்க சார்" என்று மற்ற மாணவர்களே சொல்வார்கள். இந்த இடத்தில்தான் முதல் பெரிய தவறு நடக்கிறது: நுணுக்கத்தை ஆழம் என்று எண்ணிவிடுவது. தூரம் போகப் போகக் கண்ணுக்கு நுணுக்கம் குறையும், விளிம்புகள் மழுங்கும், கருமைக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தென்னையின் மட்டையை எண்ணி வரைந்தால் அந்த மரம் முன்னால் ஓடிவந்துவிடும். பொறுமைக்கு மதிப்பெண் கொடுக்க விரும்பினால் தனியாகக் கொடுங்கள், ஆழத்தின் கட்டத்தில் போடாதீர்கள்.

ஆழத்தைச் சோதிக்க ஒரு எளிய கருவி போதும். சாம்பல் நிற அட்டையில் சுமார் எட்டு மில்லிமீட்டரில் இரண்டு துளைகள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது தாளின் அளவைப் பொறுத்தது. ஒரு துளை அருகில் இருக்கும் வரப்பின் பச்சை மேல், மற்றது தூரத்துத் தோப்பின் பச்சை மேல் வருமாறு வையுங்கள். சுற்றியிருக்கும் வண்ணங்கள் கண்ணை ஏமாற்றும். வெளிர் வானத்தை ஒட்டிய பச்சை உண்மையைவிடக் கருமையாகத் தோன்றும். அட்டை வைத்தவுடன் அந்த ஏமாற்று நின்றுவிடும். வெள்ளைத் தாளுக்கு 1, கருப்புக்கு 10 என்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டால், முதல் படத்தில் வரப்பு 7, தோப்பு 6. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாணவரிடம் கேட்டால் "ரெண்டும் சாப் கிரீன்தான் சார்" என்பார். குழாயிலிருந்து பிழிந்த பச்சையை நேராகப் பூசியிருக்கிறார். வாய்க்காலின் இரு கரைகளும் உள்ளே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதால் மட்டும்தான் படத்தில் கொஞ்சம் ஆழம் இருக்கிறது.

இரண்டாவது படம் பார்வைக்கு மங்கல். அதே அட்டையை வைத்தால் வரப்பு 7, தோப்பு 4. தோப்புக்கு அல்ட்ராமரைனில் சிறிது எல்லோ ஓக்கரும் ஒரு துளி கிரிம்சனும் சேர்த்து, நிறையத் தண்ணீர் விட்டுப் பூசியிருக்கிறார். அந்தச் சிவப்புத் துளிதான் பச்சையின் வேகத்தைக் குறைத்து அதைப் பின்னால் தள்ளுகிறது. பலர் தூரம் என்றாலே நீலம் என்று கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஒப்பிடும்போதும் நீலம் இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். நீலம் இருந்தும் கருமை குறையவில்லை என்றால் ஆழம் வராது. அடர்ந்த பிரஷ்யன் ப்ளூவில் போட்ட தோப்பு, படத்தின் நடுவே ஒரு பட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கருமை வெளுப்பை முதலில் பாருங்கள், நிறம் அப்புறம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலே இது தெரியும். சந்தேகம் இருந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். ஆனால் வண்ணக் கலவையை ஒருபோதும் கைபேசிப் படத்தில் வைத்து மதிப்பிடாதீர்கள். கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துகொள்ளும். மாலையில் டியூப்லைட்டின் கீழ் எடுத்த படமும் ஜன்னலோரம் எடுத்த படமும் ஒரே தாளை இரண்டு தாளாகக் காட்டும்.

இந்த இரண்டாவது படத்தில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. முன்னால் இருக்கும் கரை மண் சேறாகிவிட்டது. இங்கே மங்கலான வண்ணத்தையும் சேறான வண்ணத்தையும் ஒன்றாகக் கருதுவது அடுத்த தவறு. தோப்பின் சாம்பல் பச்சை மங்கல்தான், ஆனால் அது நீலத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் நடவு வயலின் சுத்தமான இளம்பச்சையும் இருக்கிறது. அதனால் அது உயிரோடு இருக்கிறது. கரையிலோ நான்கைந்து வண்ணங்களோடு கருப்பும் சேர்ந்து, முதல் பூச்சு காயும் முன்பே மேலே தேய்த்து, எந்தப் பக்கமும் சாயாத ஒரு பழுப்பு வந்திருக்கிறது. தாளின் மேற்பரப்பு நார் நாராக எழும்பியிருப்பதை விரல் வைத்தாலே உணரலாம். மூன்றுக்கு மேல் வண்ணம் சேரும்போதும், கழுவும் தண்ணீரை மாற்றாதபோதும் இது அடிக்கடி நடக்கும். கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பதால் முதல் படத்துக்கு வண்ணக் கலவையில் அதிக மதிப்பெண் கொடுக்கத் தோன்றும். ஆனால் முதல் படத்தில் கலவையே நடக்கவில்லை. சேறாக்கியவர் கலந்து பார்த்திருக்கிறார், ஓரிடத்தில் தவறியிருக்கிறார். இதைப் பிரித்தறிய, தாளின் ஓரத்தில் கலந்த வண்ணங்களைச் சிறு பட்டைகளாகப் பூசி வைக்கச் சொல்லுங்கள். எத்தனை பச்சைகளை உருவாக்கினார்கள் என்பதை அங்கே நேராகப் பார்க்கலாம்.

மூன்றாவது படத்தில் பச்சைகள் அருமை. நடவு வயலில் வானத்தின் பிரதிபலிப்பு தெரியுமாறு இளம்பச்சையை மெல்லிய வாஷாக விட்டிருக்கிறார். தோப்பு 4 அல்லது 5. வயல் நடுவே சிவப்புப் புடவையில் ஒரு பெண், வலது ஓரத்தில் பளிச்சென்ற ஆரஞ்சில் கோபுரம், இடது வரப்பில் வெள்ளைக் கொக்கு. மதகும் இருக்கிறது. சிவப்புப் புடவை இருக்கிறதே, அதுதான் குவிமையம் என்று முடிவுகட்டி முழு மதிப்பெண் கொடுத்துவிடுவது வழக்கமான தவறு. கண் எங்கே போகிறது என்பதை நிறம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கருமையும் வெளுப்பும் மிகக் கடுமையாக மோதும் இடம், விளிம்பு மிகக் கூர்மையாக இருக்கும் இடம், கோடுகள் கூடும் இடம், இவை எல்லாம் சேர்ந்துதான் கண்ணை இழுக்கின்றன. கரிய வரப்பின் முன் நிற்கும் கொக்கு அளவில் சிறியது, ஆனால் படத்திலேயே கடுமையான மோதல் அங்கேதான். தாளின் விளிம்பை ஒட்டி நிற்கும் கோபுரமோ கண்ணைத் தாளுக்கு வெளியே கொண்டுபோய்விடும்.

குவிமையத்தை ஒப்பிட, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டி மூடிவிட்டு, முதலில் எதைப் பார்த்தாய் என்று கேளுங்கள். நான்கைந்து பேரிடம் கேட்டால் போதும். வரைந்தவரிடமும் எதை முக்கியமாக நினைத்தார் என்று தனியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பதிலும் பொருந்தினால் குவிமையம் வேலை செய்கிறது. மூன்றாவது படத்தில் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். இரண்டாவது படத்தில் எல்லோரும் மதகைச் சொல்வார்கள், ஏனென்றால் வெளிர் தண்ணீருக்கு எதிரே அது ஒன்றுதான் கருமை. குவிமையம் தாளின் மூன்றில் ஒரு பங்கில் விழுந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளக்கத் தேவையில்லை. நடுவில் இருந்தும் நன்றாக வேலை செய்யும் மதகு உண்டு.

சரி, முதல் படத்துக்குத் திரும்பலாம். அதிலும் மதகு தெளிவாக வரையப்பட்டிருக்கிறது, ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. பின்னால் இருக்கும் தோப்பு அதே அளவு கருமையாக நிற்பதால் மதகு அதில் மறைந்துவிடுகிறது. தூரத்துத் தோப்பின் மேல் மட்டும் ஒரு துண்டு ட்ரேசிங் பேப்பரை வைத்துப் பாருங்கள். தோப்பு வெளிறியவுடன் ஆழமும் வருகிறது, மதகும் கண்ணில் படுகிறது. பிழை ஒன்றே ஒன்று: தூரத்துக்குத் தனியாகப் பச்சை கலக்கவில்லை. அதற்கு ஆழத்தில் ஒரு முறை, கலவையில் ஒரு முறை, குவிமையத்தில் ஒரு முறை என்று குறைத்தால் அந்த மாணவர் தனக்கு மூன்றுமே வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். அவருக்குக் கோடும் அமைப்பும் நன்றாகவே வருகிறது. மதிப்பெண்ணை வண்ணக் கலவையில் மட்டும் குறைத்து, மற்ற இரண்டு கட்டத்திலும் "தோப்பு வெளுத்தால் சரியாகும்" என்று எழுதிவிடலாம். மூன்றாவது படத்துக்கும் இதே சோதனை செய்யுங்கள்: கோபுரத்தையும் கொக்கையும் விரலால் மறைத்தால் கண் புடவையில் நிலைக்கிறது. அவர் செய்ய வேண்டியது கோபுரத்தின் ஆரஞ்சைத் தணிப்பதும் கொக்கைக் கொஞ்சம் சாம்பலாக்குவதும்தான். ஆழத்தையும் கலவையையும் தொடத் தேவையில்லை.

மதிப்பிடும் வரிசையும் முக்கியம். ஒரு படத்தை எடுத்து மூன்று கட்டத்தையும் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். முதல் கட்டத்தில் பிடித்துப்போனது அடுத்த இரண்டிலும் கசியும். எல்லாப் படங்களுக்கும் ஆழத்தை மட்டும் பார்த்து முடித்து, பிறகு கலவை, பிறகு குவிமையம் என்று போங்கள். அதுவும் தாள்கள் முழுதாகக் காய்ந்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து. வாட்டர் கலர் காய்ந்தால் வெளுக்கும். ஈரத்தில் 6 என்று தெரிந்த தோப்பு காய்ந்தபின் 5 ஆக இருக்கலாம். கடைசியாக முடித்தவரின் படத்தை ஈரத்தோடு மற்றவற்றின் பக்கத்தில் வைத்தால் ஆழத்தில் அவருக்குத்தான் நஷ்டம்.