ஸ்லாப் கமிஷன் கணக்கு: 3,20,000 விற்றால் கைக்கு எவ்வளவு?

இந்த மூன்று ஸ்லாபையும் வைத்துக்கொள்வோம். 1,00,000 வரை 3%. அதற்கு மேல் 2,50,000 வரை 5%. அதற்கும் மேல் 8%. ஒருவர் மாதத்தில் 3,20,000-க்கு விற்றிருக்கிறார். அவருக்கு எவ்வளவு கமிஷன்?

பலரும் உடனே 3,20,000-ஐ 8%-ஆல் பெருக்கி 25,600 என்பார்கள். மொத்த விற்பனைக்கும் ஒரே விகிதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது சரிதான். ஆனால் "அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த விகிதம்" என்று இருந்தால் விடை வெகுவாகக் குறையும். அதனால் கால்குலேட்டரை எடுக்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தெளிவாக இல்லையென்றால் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பகுதி பகுதியாகப் போடும் முறையைப் பார்ப்போம்.

முதலில் விற்பனையை ஸ்லாப் எல்லைகளில் வெட்டுங்கள். முதல் துண்டு 1,00,000. அடுத்தது 2,50,000 அல்ல, 2,50,000-லிருந்து 1,00,000 போக மீதி 1,50,000. பிழை அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். கடைசித் துண்டு 70,000. மூன்றையும் கூட்டினால் 3,20,000 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

அப்புறம் ஒவ்வொன்றையும் அதன் விகிதத்தால் பெருக்குங்கள்:

1,00,000 × 3% = 3,000
1,50,000 × 5% = 7,500
70,000 × 8% = 5,600

மொத்தம் 16,100. சரிபார்க்க, இதை விற்பனையால் வகுங்கள்: ஏறக்குறைய 5.03%. இந்த முறையில் சராசரி 8%-ஐத் தொடவே தொடாது. தொட்டால் எங்கோ தவறு.

எக்செலில் போடுவதானால் துண்டு போடவே வேண்டாம். மொத்தத்துக்கும் 3% கொடுத்துவிட்டு, ஒவ்வொரு எல்லையைத் தாண்டிய தொகைக்கும் கூடுதல் விகிதத்தை மட்டும் சேர்த்தால் போதும். 3-லிருந்து 5-க்கு 2%, 5-லிருந்து 8-க்கு 3%. விற்பனை A2-வில் இருந்தால்:

```
=A2*3%+MAX(0,A2-100000)*2%+MAX(0,A2-250000)*3%
```

9,600 + 4,400 + 2,100. அதே 16,100. `MAX(0,...)` எதற்கென்றால், எல்லையைத் தொடாத மாதத்தில் கழித்தல் தொகை வந்து கமிஷனைக் குறைத்துவிடக் கூடாது.

சரி, திரும்பி வந்த சரக்கு? பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதைக் கழித்த நிகர விற்பனைதான் கணக்கு. 2,60,000 விற்று 15,000-க்குச் சரக்கு திரும்பினால் நிகரம் 2,45,000. பகுதி முறையில் கமிஷன் 11,300-லிருந்து 10,250 ஆகிறது. குறைவது 1,050: மேல் ஸ்லாபில் இருந்த 10,000-க்கு 800, அடுத்த 5,000-க்கு 250. திரும்பிய சரக்குக்கு நேரடியாக 8% போட்டு 1,200 பிடித்திருந்தால், 150 அதிகமாகப் பிடித்துவிட்டார்கள்.

ஒரே விகித முறையில் அடி பலமாக விழும். 20,800 வர வேண்டிய இடத்தில் 5% ஸ்லாபுக்கு இறங்கி 12,250-தான் வரும். அந்த முறையில் வேலை செய்பவர்கள், எல்லையைச் சற்றே தாண்டிய மாதத்தில் சரக்குத் திரும்பும் கெடு முடியும்வரை அந்தப் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதாமல் இருப்பது நல்லது.