எட்டு வட்டங்களுக்குள் தொலைந்துபோகும் விமர்சனம்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடம், நுண்ணறிவு ஒன்றல்ல, தனித்தனியாகப் பல உண்டு என்னும் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டின் மீதான விமர்சனங்களைப் பற்றி ஸ்லைடு தயாரிக்கச் சொன்னால், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்து வருகிறார்கள். முதலில் கோட்பாட்டை முன்வைத்த உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் படம், அது வெளிவந்த 1983 என்ற ஆண்டு. அடுத்து எட்டு வண்ணங்களில் ஒரு சக்கரம். பிறகு ஒவ்வொரு நுண்ணறிவுக்கும் ஒரு ஸ்லைடு. பதினைந்து நிமிடத்தில் பன்னிரண்டு இதிலேயே போய்விடும். விமர்சனம் முழுவதும் கடைசி ஸ்லைடில் பொடி எழுத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

கேட்பவர்கள் எல்லாருக்கும் அந்த எட்டும் பாடத்திலேயே தெரியும். ஆகவே சக்கரத்தை ஒரே ஸ்லைடில், ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அதில் பெயர்கள் மட்டும் போதும்.

அடுத்த தவறு, எல்லா விமர்சனங்களையும் கொண்டுவர நினைப்பது. ஆதாரம் போதாது, அளக்க முடியாது, இவை நுண்ணறிவல்ல வெறும் திறமைகள், வகுப்பறையில் பயன் நிரூபிக்கப்படவில்லை என்று நான்கு புள்ளிகளை அடுக்கினால் நான்கும் வெறும் குற்றச்சாட்டாகவே நிற்கும். ஒன்றை எடுத்து அதன் ஆதாரத்தைக் காட்டுங்கள். நான் எடுக்கச் சொல்வது 2006-இல் விஸ்ஸர், ஆஷ்டன், வெர்னன் மூவரும் வெளியிட்ட ஆய்வு. எட்டு நுண்ணறிவுக்கும் தலா இரண்டு என்று பதினாறு சோதனைகளை 200 பெரியவர்களுக்கு வைத்தார்கள். எட்டும் தனித்தனி என்றால், மொழிச் சோதனையில் ஒருவர் எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடம்சார் சோதனையில் எடுப்பதற்கும் பெரிய தொடர்பு இருக்கக்கூடாது. ஆனால் மொழி, தர்க்கம்-கணிதம், இடம்சார், இயற்கை, பிறரை அறிதல் ஆகிய ஐந்தின் சோதனைகளும் எல்லா மதிப்பெண்களையும் பின்னிருந்து இணைக்கும் ஒரே பொதுக்காரணியோடு வலுவாக ஒட்டின. இசை, உடல் இயக்கம், தன்னை அறிதல் மூன்றும் அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

இதை ஸ்லைடாக்கும்போதுதான் சறுக்குகிறார்கள். போன வருடம் ஒரு மாணவி பதினாறு வரிசை கொண்ட அட்டவணையை அப்படியே ஒட்டி வந்தாள். "டீச்சர், ஆதாரம் முழுசா இருக்கணும்ல?" என்று கேட்டாள். முழுசாக இருக்க வேண்டிய இடம் கையில் கொடுக்கும் தாள். திரையில் எண்களே வேண்டாம் என்று சொல்லி, ஒரு படம் வரைய வைத்தேன். நடுவில் 'பொதுக்காரணி' என்று ஒரு வட்டம். ஐந்து பெயர்கள் தடித்த கோட்டால் அதோடு இணைந்திருக்கும். மூன்று பெயர்கள் சற்றுத் தள்ளி, மெல்லிய கோட்டோடு. தலைப்பாக 'ஆய்வு முடிவுகள்' என்று எழுதியிருந்ததை, 'எட்டில் ஐந்து, தனித்தனியாக நிற்கவில்லை' என்ற வாக்கியமாக மாற்றினோம். முதலில் ஐந்தை மட்டும் காட்டிப் பேசி, அப்புறம் மூன்றையும் வரவழைத்தாள். பின்பெஞ்சு வரை புரிந்தது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு. வகுப்பில் பாதிப்பேர் மலையாளத்தில் படித்தவர்கள் என்பதால் ஒவ்வொரு வரியையும் இரண்டு மொழியிலும் போடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஸ்லைடு இரண்டு மடங்காகிவிடுகிறது. இரண்டு எழுத்தும் தெரிந்தவர் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கத் தொடங்குவார், நீங்கள் பேசுவது அவர் காதில் ஏறாது. கலைச்சொல்லை மட்டும் இரண்டிலும் கொடுங்கள்: தமிழில் பன்முக நுண்ணறிவு, மலையாளத்தில் பஹுமுக புத்தி. மற்றதை வாயால் சொல்லுங்கள். மலையாளத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல எல்லாருக்கும் வரும்.

இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று கார்ட்னரின் பதிலை வெட்டிவிடாதீர்கள். இதை நான் விடாமல் சொல்வேன். வழக்கமான சோதனைகள் மொழி, தர்க்கம் பக்கமே சாய்ந்தவை என்பது அவருடைய நீண்ட கால வாதம். அப்படியென்றால் அந்த ஐந்தும் ஒட்டிக்கொள்வதற்குச் சோதனையின் வடிவமும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே படத்தை மறுபடி காட்டி, கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: 'சோதனையே சாய்ந்திருந்தால்?'

'கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்' என்ற கற்றல் பாணிகள் மீதான விமர்சனத்தை இதற்குள் கொண்டுவரவே வேண்டாம். பல நுண்ணறிவுகள் வேறு, கற்றல் பாணிகள் வேறு என்று கார்ட்னரே 2013-இல் எழுதியிருக்கிறார். கலந்தால் ஒரு ஸ்லைடு கூடும், வாதமும் தவறாகிவிடும்.

கடைசியில் 'நன்றி' ஸ்லைடு போடாமல் அந்த ஐந்து-மூன்று படத்தையே திரையில் விட்டுவையுங்கள். "அப்போ செண்டை கொட்டறவருக்கு அறிவு இல்லையா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மெல்லிய கோட்டில் நிற்கும் 'இசை'யைக் காட்டி, அந்தத் திறன் பொதுக்காரணியோடு குறைவாகவே ஒட்டியது என்பதுதான் ஆய்வின் முடிவு, அதை நுண்ணறிவு என்று அழைப்பதா திறமை என்பதா என்பதில்தான் சண்டை என்று பதில் சொல்லலாம்.