சீமெந்து விலை தாவும்போது: நீண்டகால விநியோக ஒப்பந்தங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏறாவூரில் சீமெந்துக் கல் அரியும் ஒரு பட்டறை, கல்முனையில் கட்டடம் எழுப்பும் ஒப்பந்தகாரருக்கு ஒரு வருடம் கல் கொடுக்க ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் விலை பற்றி ஒரே வரிதான்: "மூலப்பொருள் விலை கூடினால் இரு தரப்பும் பேசித் தீர்மானிக்கும்." கேட்க நாகரிகமாக இருக்கும் இந்த வரியைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். எவ்வளவு கூடினால், எதை வைத்து, யார் தீர்மானிப்பது என்று அதில் எதுவும் இல்லை. பேச்சு முறிந்தால் எழுதிய பழைய விலையே நிற்கும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. வருடத் தொடக்கத்தில் லீட்டர் 121 ரூபாயாக இருந்த டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாய். அப்படிப்பட்ட மாதங்களில் வாங்குபவரிடமும் விட்டுக்கொடுக்கப் பணம் இருக்காது.

"தடுக்க முடியாத நிகழ்வு" என்ற வாசகம் காப்பாற்றும் என்று நம்புவது அடுத்த தவறு. அந்த வாசகம் பெரும்பாலும் வெள்ளம், போர், தடையுத்தரவு போன்றவற்றால் வேலை செய்யவே முடியாமல் போகும் நிலைக்கானது. சீமெந்து கடையில் கிடைக்கிறது, விலைதான் கூடிவிட்டது என்றால், செலவு ஏறியது மட்டும் ஒப்பந்தத்தை நிறைவேற்ற இயலாமை ஆகாது. நட்டத்தில் கொடுப்பது வேறு, கொடுக்கவே முடியாமல் போவது வேறு.

பணத்தைக் கரைக்கும் பெரிய தவறு கணக்கில்தான் நடக்கிறது. சீமெந்து 60 வீதம் ஏறியதால் கல்லின் விலையையும் 60 வீதம் ஏற்றிக் கேட்பார்கள். கல்லில் சீமெந்து மட்டுமா இருக்கிறது? ஒரு கல் 100 ரூபாய் என்று கொள்வோம். அதில் சீமெந்து 50, டீசல் 15, கூலி 15, மாறாத செலவும் இலாபமுமாக 20. சீமெந்துப் பை 1,500இலிருந்து 2,400 ஆகிறது, டீசல் 200இலிருந்து 300 ஆகிறது, கூலி அப்படியே இருக்கிறது. இப்போது சீமெந்துப் பங்கு 80, டீசல் 22.50, மற்றவை 35. நியாயமான புதிய விலை 137.50 ரூபாய். பட்டறைக்காரர் கேட்டதோ 160. நாற்பதாயிரம் கல்லுக்கு வித்தியாசம் ஒன்பது இலட்சம் ரூபாய். இந்தப் பங்குகளை ஒரு சூத்திரமாக ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தால் வாங்குபவர் சண்டை பிடிக்க இடமில்லை. அரச கட்டட வேலைகளில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் விலைச் சுட்டெண்களை வைத்துச் செய்யும் விலைச் சீராக்கமும் இதே தர்க்கம்தான். உங்கள் ஒப்பந்தகாரருக்கு மேலேயிருந்து அப்படிச் சீராக்கம் கிடைக்கிறதா என்று கையெழுத்திடும் முன் கேட்டு விடுங்கள். அவருக்குக் கிடைத்து உங்கள் விலை மட்டும் மாறா விலையாக இருந்தால், ஏற்றத்தை நீங்கள் சுமக்க, ஈட்டை அவர் வாங்குவார்.

அடிப்படைத் திகதியை எழுதாமல் விடுவதும் உண்டு. கூறுவிலை கொடுத்தது தை மாதம், கையெழுத்து பங்குனி என்றால் இடையில் ஏறியது யார் கணக்கு? கூறுவிலைத் திகதியை அடிப்படையாக வைத்து, அன்றைய சீமெந்துப் பற்றுச்சீட்டை ஒப்பந்தத்தோடு இணைப்பதே என் பரிந்துரை. வாங்குபவர் முற்பணம் கொடுத்து, அதில் பழைய விலையில் சீமெந்து வாங்கியிருந்தால், அந்த அளவுக்கு ஏற்றம் கேட்கக் கூடாது என்றும் எழுதுங்கள். விலை இறங்கினால் அதே கணக்கில் கல்லின் விலையும் இறங்க வேண்டும். ஏறும்போது மட்டும் பேசும் வாசகத்தை எந்த வாங்குபவரும் நீண்டகாலம் மதிக்க மாட்டார்.

சூத்திரத்துக்கு அப்பால், கடும் நெருக்கடி வாசகம் தேவைப்படுவது விலை எல்லை மீறும்போது. உதாரணமாக, சூத்திரப்படி விலை 40 வீதத்துக்கு மேல் மாறினால் 14 நாளுக்குள் பேச வேண்டும், உடன்பாடு இல்லையென்றால் ஒரு மாத அறிவித்தலோடு எந்தத் தரப்பும் விலகலாம். பலர் "பேச வேண்டும்" வரையே எழுதி நிறுத்திவிடுவார்கள். முடிவு வரும் வரை கல் எந்த விலையில் போகும் என்பதும் வேண்டும்; சூத்திர விலையில் தற்காலிகமாகக் கொடுத்துப் பிறகு சரிக்கட்டுவது நடைமுறைக்கு ஏற்றது. பன்னாட்டு வணிக ஒப்பந்தங்களுக்கான யுனிட்ரோய்ட் கோட்பாடுகளும், மறுபேச்சுக் கோரியது மட்டும் விநியோகத்தை நிறுத்தும் உரிமையைத் தராது என்கின்றன.

ஆகவே லொறியைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஒப்பந்த மீறல் உங்கள் தலையில் விழும். வாய் திறக்காமல் பழைய விலையில் மூன்று மாதம் கொடுத்துவிட்டுப் பிறகு பழைய பாக்கி கேட்பதும் எடுபடாது. விலை ஏறிய வாரத்திலேயே, பழைய பற்றுச்சீட்டு, புதிய பற்றுச்சீட்டு, சூத்திரக் கணக்கு மூன்றையும் வைத்து எழுத்தில் அறிவியுங்கள். அடுத்த விநியோகச் சிட்டையில் "விலை வித்தியாசம் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று குறித்து, இறக்கிய இடத்தில் கையெழுத்து வாங்குங்கள்.