வீட்டு முட்டைக்கு அடக்க விலை போடுவது எப்படி?

கோழிக்கணக்கில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: வாங்கிய குஞ்சின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுவது. முட்டை இடுவது குஞ்சு அல்ல, பிழைத்து வளர்ந்த பெட்டை. அதனால் முதலில் ஒரு பெட்டை எவ்வளவுக்கு விழுகிறது என்று பார்ப்போம். இதில் உள்ள விலைகளை எடுத்துவிட்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பெட்டையின் விலை

கிராமப்பிரியா குஞ்சு 20, ஒன்று 40 ரூபாய் என்றால் 800. ஆணும் பெண்ணும் கலந்துதான் வரும். மூன்று குஞ்சு முதல் மாதத்திலேயே போயிற்று, ஒன்றைக் கீரி தூக்கியது என்று வைப்போம். மீதி 16-இல் பெட்டை 8, சேவல் 8.

முதல் ஆறு வாரம் குஞ்சுத்தீவனம் 18 கிலோ, 720 ரூபாய். செத்தவை தின்றதும் இதில் அடக்கம். அப்புறம் மேய்ச்சலோடு நாளுக்கு 40 கிராம். பெட்டைக்கு ஆறாம் மாதம் வரை, சேவலுக்கு விற்கும் நாலாம் மாதம் வரை, எல்லாம் சேர்த்து 1,920. வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி, பூச்சி மருந்து என 200. பல்பு, கரண்ட், உமி 280. மொத்தம் 3,920.

சேவல்கள் தலா 250-க்குப் போனால் 2,000 திரும்பும். மீதி 1,920 எட்டுப் பெட்டைகளின் தலையில். ஒன்று 240 ரூபாய். 40 ரூபாய்க் குஞ்சு 240 ஆன கதை இதுதான்.

படி 2: முட்டையிடும் ஒரு வருடம்

கொட்டகைக்கு 6,000 செலவு, ஐந்து வருடம் தாங்கும் என்றால், வளர்த்த ஆறு மாதமும் சேர்த்து ஒன்றரை வருடப் பங்கு 1,800. நடு வருடத்தில் ஒரு பெட்டை சாகும் என்று எழுதிவிடுங்கள். சராசரி ஏழரைக் கோழி. நாளுக்கு 60 கிராம் வீதம் 165 கிலோ தீவனம், கிலோ 30 என்றால் 4,950. மருந்து 330. பெட்டைச் செலவையும் கூட்டினால் 9,000. கடைசியில் ஏழு கோழியையும் 250-க்கு விற்றால் 1,750 கழியும். நிற்பது 7,250.

படி 3: முட்டையால் வகுப்பது

கோழிக்கு 150 என்று வைத்தால் 1,125 முட்டை. ஆனால் கூடைக்கு வந்ததை மட்டும் எண்ணுங்கள். வைக்கோல் போருக்குள் இட்டு மறந்ததும், காகம் கொத்தியதும் உங்களுடையது அல்ல. 1,050 கிடைத்தால் ஒரு முட்டை சுமார் 6 ரூபாய் 90 காசு. உங்கள் உழைப்புக்குக் கூலி இதில் இல்லை.

இந்தக் கணக்கை ஆட்டிவைப்பது தீவனம்தான். அடைத்து வைத்து நாளுக்கு 110 கிராம் கடைத்தீவனம் போட்டால் 300 கிலோ ஆகிறது, அதே முட்டை கிட்டத்தட்ட 10 ரூபாய் 75 காசுக்குப் போய்விடும். கண்மதிப்பாக அள்ளிப் போடும் சொம்பை ஒருமுறை தராசில் வையுங்கள். 60 கிராம் என்று நினைத்தது பெரும்பாலும் 80-ஐத் தாண்டியிருக்கும்.