"டெண்டர்படியே" என்று பதில் வாங்கித் தரும் கேள்விகள்

டெண்டருக்கு விலை தருவதற்கு முன் சந்தேகம் தீர்க்க நாம் அனுப்பும் ப்ரீ-பிட் கேள்விகளுக்கு அதிகம் வரும் பதில் "டெண்டர்படியே". அதிகாரியைத் திட்டுவதற்கு முன், நாம் அனுப்பிய கேள்வியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பாதி நேரம் தப்பு அதில்தான் இருக்கும்.

ஒரு மின்பணி டெண்டரை வைத்துப் பார்ப்போம். விலைப்பட்டியலில் ஏழாவது உருப்படி: "3.5 கோர் 95 ச.மி.மீ. பிவிசி கவச கேபிள், 400 மீட்டர்". ஆனால் 31-ஆம் பக்கம், பிரிவு 4.2-இல் "கேபிள்கள் ஐஎஸ் 7098 பகுதி 1-இன்படி" என்று இருக்கிறது. அது எக்ஸ்எல்பிஇ என்ற வேறு வகைக் காப்புள்ள கேபிளுக்கான தரநிலை. பிவிசிக்கு உரியது ஐஎஸ் 1554 பகுதி 1. கம்பி அலுமினியமா, செம்பா என்று எந்த இடத்திலும் இல்லை. அதே அளவுக்குச் செம்பு மூன்று மடங்குக்கும் மேல் எடை. விலை எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்குப் பலரும் எழுதுவது: "உருப்படி 7, கேபிள் விவரங்களைத் தெளிவுபடுத்தவும்." இதில் முரண்பாடு எங்கே என்று எழுதவில்லை. பதில் எழுதுபவர் அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்பார், தெளிவாகத்தானே இருக்கிறது என்று நினைப்பார், "டெண்டர்படியே" என்று போடுவார்.

கேள்விப் பட்டியலில் இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று: "பக்கம் 31, பிரிவு 4.2 ஐஎஸ் 7098-ஐக் குறிக்கிறது. உருப்படி 7 பிவிசி என்கிறது. எது பொருந்தும்?" இரண்டு: "உருப்படி 7-இல் கடத்தி அலுமினியமா, செம்பா?" ஒரே வரிசையில் இரண்டையும் அடைத்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், இன்னொன்று அப்படியே தொங்கும்.

இன்னொரு வழக்கமான சறுக்கல், சந்தேகத்தோடு சலுகையையும் கேட்பது. "பிவிசியே போதும், அனுமதிக்கவும்" என்று எழுதினால் அது விளக்கம் கேட்பதல்ல, விவரக்குறிப்பை மாற்றச் சொல்வது. மறுத்துவிட்டால் முரண்பாடு தீராமல் நிற்கும். பதில்கள் எல்லாப் போட்டியாளருக்கும் போகும் என்பதால், கேட்டவர் பெயர் மறைந்திருந்தாலும் உங்கள் கணக்கு வெளியே தெரிந்துவிடும். சலுகை வேண்டுமென்றால் தனி வரிசையில், தொழில்நுட்பக் காரணத்தோடு கேளுங்கள்.

போனில் "அலுமினியம்தான் சார், போடுங்க" என்று உதவிப் பொறியாளர் சொல்லியிருக்கலாம். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் திருத்த அறிவிப்பில் வராத வரை அதற்கு மதிப்பில்லை. கேள்விக்கான கடைசித் தேதியைத் தவறவிட்டு, "அலுமினியம் என்று கருதி விலை தந்துள்ளோம்" என்று விலைப்புள்ளியில் குறிப்பு எழுதுவது இன்னும் மோசம். நிபந்தனையுள்ள புள்ளி என்று சொல்லி அதைத் தள்ளிவிடலாம்.

சரி, "எக்ஸ்எல்பிஇ, அலுமினியம்" என்று பதில் வந்துவிட்டது. விலைப்பட்டியல் கோப்பும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் புதிய கோப்பை இறக்கி அதில்தான் விலை நிரப்ப வேண்டும். உருப்படி 7 இன்னும் பிவிசி என்றே இருந்தால், விலைப்புள்ளி தரும் தேதி முடிவதற்குள் அதையும் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் பில் போடும் நாளில் அதே முரண்பாடு திரும்ப வரும்.