வளைகோட்டிலிருந்து அரை ஆயுட்காலத்தை எடுப்பது: மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்

கதிரியக்கச் சிதைவு வளைகோடு எங்கே வெட்டினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். 600 என்ற எண்ணிக்கை 300 ஆக எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, 300 என்பது 150 ஆகவும் அதே நேரம்தான் பிடிக்கும். அந்த நேரம்தான் அரை ஆயுட்காலம். அதை ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தினால், விடை சரியா தவறா என்று தெரிய வழியில்லை.

ஆய்வகங்களில் இதற்கு வசதியானது பேரியம்-137m. சீசியம்-137 அடைத்த சிறு ஜெனரேட்டர் வழியாக அமிலம் கலந்த உப்புக் கரைசலைச் சிரிஞ்சால் மெதுவாகத் தள்ளினால், பேரியம் மட்டும் கரைந்து சொட்டும். கையுறை போட்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள். பேரியத்தின் அரை ஆயுட்காலம் 153 வினாடி என்பதால் எட்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

1. முதலில் பின்னணி, அதாவது கரைசல் இல்லாதபோதும் எண்ணியில் பதிவாகும் எண்ணிக்கை. கரைசலைச் சொட்டவிடும் முன்பே, ஜெனரேட்டரை நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, கைகர் எண்ணியை 10 நிமிடம் ஓடவிடுங்கள். 800 வந்தால், 30 வினாடிக்குப் பின்னணி 40. சொட்டவிட்டதும் ஜெனரேட்டருக்குள் பேரியம் குறைந்து, சில நிமிடங்களில் மீண்டும் பெருகும்; அது தள்ளியிருந்தால் எண்ணியில் தெரியாது. ஆகவே சோதனை முடியும்வரை இந்த 40 மாறாது. நடுவில் ஜெனரேட்டரை எண்ணிக்கு அருகே கொண்டுவந்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

2. எண்ணுதல். சொட்டிய கரைசலை எண்ணிக்கு அருகே வைத்து 30 வினாடி எண்ணுங்கள், அடுத்த 30 வினாடியில் எழுதுங்கள். நேரமாக எண்ணிய இடைவெளியின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். (எல்லாவற்றுக்கும் தொடக்க நேரத்தையே குறித்தாலும் அரை ஆயுட்காலம் மாறாது, கோடு முழுவதும் 15 வினாடி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.) மாதிரி எண்கள் இதோ:

| நேரம் (வினாடி) | எண்ணிக்கை | பின்னணி கழித்து |
|---|---|---|
| 15 | 801 | 761 |
| 75 | 598 | 558 |
| 135 | 483 | 443 |
| 195 | 365 | 325 |
| 255 | 299 | 259 |
| 315 | 226 | 186 |
| 375 | 192 | 152 |
| 435 | 148 | 108 |

3. வரைதல். கிடை அச்சில் 1 செ.மீ. = 30 வினாடி, நிலை அச்சில் 1 செ.மீ. = 50. நிலை அச்சு 0-விலிருந்து தொடங்க வேண்டும். அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசை எண்களைக் குறித்து, புள்ளிகளுக்கு நடுவே ஒரே வழுவழுப்பான கோடு இழுங்கள். புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்து இணைக்கக் கூடாது. சிதைவு தற்செயலாக நடப்பது. 400 எண்ணினால் அதன் வர்க்கமூலமான 20 அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு. 135-இல் உள்ள புள்ளி கோட்டுக்குச் சற்று மேலே நின்றால் அப்படியே விடுங்கள்.

4. படித்தல். புள்ளிகளை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் பாருங்கள். 600-இலிருந்து படுக்கைவாட்டில் கோடுவரை போய், நேராகக் கீழே இறங்கினால் 64 வினாடி. 300-க்கு 218. வித்தியாசம் 154. அதேபோல் 500 → 250: 104-இலிருந்து 255, அதாவது 151. 400 → 200: 153-இலிருந்து 309, அதாவது 156. சராசரி 154 வினாடி. பென்சிலும் வரைபடத்தாளும் வைத்து இந்த நெருக்கம் போதும்.

மூன்று விடையும் ஒத்துப்போகாவிட்டால்

அவை தாறுமாறாக ஆடினால் கோடு சரியாக இழுக்கப்படவில்லை. அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். ஒரே திசையில் நகர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

கீழே போகப் போக நீண்டால், பின்னணியைக் கழிக்கவில்லை. மேலே உள்ள சோதனையிலேயே அட்டவணையின் இரண்டாம் நெடுவரிசையை அப்படியே வரைந்தால், 600 → 300 சுமார் 170 வினாடி, 400 → 200 சுமார் 180, 300 → 150 சுமார் 190 என்று வரும். குறையாத அந்த 40, எண்ணிக்கை சிறுத்துவரும்போது பெரிய பங்காகிவிடுகிறது. தொடக்கத்தில் மட்டும் அளந்தவருக்கு 170 சரியான விடைபோலவே தோன்றும்.

மாறாக, உச்சியில் மட்டும் நீண்டு கீழே சரியாக வந்தால், கைகர் குழாய் திணறியிருக்கிறது. ஒரு துடிப்புக்குப் பிறகு சுமார் 100 மைக்ரோவினாடி அது எதையும் உணராது. வினாடிக்கு 1000 என்ற வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று தவறிப்போவதால், வளைகோட்டின் தலை தட்டையாகிவிடும். மேலே உள்ள எண்கள் வினாடிக்கு 27-க்கும் குறைவு என்பதால் அந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு வந்தால் குழாயைச் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்து, புதிதாகச் சொட்டவிட்ட கரைசலில் மறுபடி எண்ணுங்கள். தள்ளி வைத்த இடத்தில் பின்னணியும் வேறாக இருக்கலாம். அதையும் திரும்ப எடுக்க வேண்டும்.